மேற்படிப்புக்குப் போகும் தாதி இராஜினாமாக் கடிதத்தில் எந்தத் திகதியைப் போட வேண்டும்?

"அக்கா, நான் திருகோணமலையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். 2020 ஆகஸ்ட் 10ஆம் திகதி சேர்ந்தேன். பிரித்தானியாவில் முழுநேரத் தாதியியல் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, செப்டம்பர் நடுப்பகுதியில் வகுப்பு தொடங்குகிறது. விசாவுக்கும் போட்டாச்சு. இந்த ஜூலை 31ஓடு வேலையை விடலாம் என்று நினைக்கிறேன். இராஜினாமாக் கடிதம் எப்படி எழுதுவது? ஒழுங்கில்லாமல் நைட் டியூட்டி போட்டதையும் அதில் எழுதலாமா?"

தங்கச்சி, முதலில் அந்த ஜூலை 31ஐ மாற்றுங்கள். கடிதத்தின் வசனத்தை எப்படி வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் சொன்ன திகதியை அப்படியே போட்டுக் கையெழுத்து வைத்தால் உங்களுக்குச் சேரவேண்டிய ஒரு பெரிய தொகை கையை விட்டுப் போய்விடும்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியாகச் சேவை செய்த ஒருவர் வேலையை விடும்போது, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த மாதச் சம்பளத்தில் அரைவாசி கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேலை கொடுத்தவர் நிறுத்தினாலும் சரி, நீங்களாகவே விலகினாலும் சரி, உரிமை ஒன்றுதான். "தானாக விலகுபவருக்குப் பணிக்கொடை இல்லை" என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நீங்கள் 2020 ஆகஸ்ட் 10இல் சேர்ந்திருக்கிறீர்கள். ஐந்து வருடம் பூர்த்தியாவது 2025 ஆகஸ்ட் 9ஆம் திகதியோடு. ஜூலை 31இல் நின்றால் உங்கள் சேவை நான்கு வருடம், பதினொரு மாதம், சில நாள். சட்டத்தின் கண்ணில் அது நான்கு வருடம்தான், பணிக்கொடை ஒரு சதமும் இல்லை. ஐந்துக்குக் கிட்ட வந்துவிட்டோம், கொஞ்சமாவது தருவார்கள் என்பதெல்லாம் இதில் கிடையாது. உங்கள் மாதச் சம்பளம் 54,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். அரைவாசி 27,000. ஐந்து வருடத்துக்கு 135,000 ரூபா. பத்து நாள் பொறுத்தால் வருகிற பணம் இது. ஓவர்டைமும் நைட் டியூட்டிக்கான கொடுப்பனவும் இந்தக் கணக்கில் வராது, ஆகவே கையில் எடுக்கும் மொத்தத் தொகையை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். இடையில் எடுத்த அனுமதி பெற்ற லீவு சேவையை முறிக்காது.

நான் மேட்ரனாக இருந்த காலத்தில் இப்படி ஐந்து வருடத்துக்குச் சில கிழமை இருக்கும்போது விலகிப் போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடிதத்தை வாங்குகிறவர் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால்தான் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்கும் எல்லோரிடமும் நான் முதலில் நியமனத் திகதியைக் கேட்பேன்.

சரி, அப்படியானால் எந்தத் திகதி? நியமனக் கடிதத்தை எடுத்து முன்னறிவித்தல் பற்றிய பந்தியைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மாதம் இருக்கும், சில இடங்களில் தாதியருக்கு இரண்டு அல்லது மூன்று மாதம் போட்டிருப்பார்கள். "ஒரு மாத முன்னறிவித்தல் அல்லது அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம்" என்று இருந்தால், நீங்கள் குறைத்துக் கொடுக்கும் நாட்களுக்குரிய பணத்தை வைத்தியசாலை உங்களிடம் கேட்கலாம். உங்கள் கடிதத்தில் ஒரு மாதம் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஜூலை 14 திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்து, கடைசிக் கடமை நாள் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை என்று எழுதினால் இரண்டு கணக்கும் சரிவரும். முன்னறிவித்தல் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட, சேவை ஐந்து வருடத்துக்கு ஐந்தாறு நாள் கூட. ஆகஸ்ட் 10 என்று சரியாக வெட்டி எழுத வேண்டாம். சேர்ந்த திகதியை அலுவலகம் ஓரிரு நாள் பிந்திப் பதிந்திருந்தால் அதிலேயே சிக்கல் வரும். முதல் நாள் ஓரியன்டேஷன், மறுநாள்தான் நியமனம் என்று கணக்கு வைக்கும் இடங்கள் இருக்கின்றன. நியமனக் கடிதத்தில் உள்ள திகதியும் முதல் மாதச் சம்பளச் சிட்டையும் ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விசா கைக்கு வருமுன் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். கொழும்பில் கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர மூன்று கிழமை அளவில் எடுக்கும், சிலருக்கு இன்னும் இழுபடும். இராஜினாமாவைக் கொடுத்த பின் நீங்கள் நினைத்தபடி திருப்பி எடுக்க முடியாது, வைத்தியசாலை சம்மதித்தால்தான் உண்டு. அதற்குள் உங்கள் இடத்துக்கு வேறொரு பிள்ளையை எடுத்திருப்பார்கள். "விசா கிடைத்தால் விலகுவேன்" என்று நிபந்தனை போட்டு எழுதுவதும் கூடாது. அது இராஜினாமாவும் இல்லை, விலகவில்லை என்பதும் இல்லை. அலுவலகம் அதைத் தனக்கு வசதியானபடி எடுத்துக்கொள்ளும். விசா பிந்தினால் கடிதம் கொடுக்கும் நாளையும் கடைசி நாளையும் சேர்த்தே பின்தள்ளுங்கள். ஜூலை 31இல் கொடுத்து ஆகஸ்ட் 31இல் நின்றாலும், வகுப்புக்கு முன் சாமான் கட்ட உங்களுக்கு இரண்டு கிழமை இருக்கும்.

இன்னொன்று. பணிக்கொடைப் பணத்தை விசாவுக்குக் காட்டும் பணத்தோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டாம். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் வங்கியில் இருந்திருக்க வேண்டும், பணிக்கொடையோ வேலையை விட்ட பிறகு 30 நாளுக்குள் கொடுக்கவேண்டியது. காலம் பொருந்தாது. அதை அங்கே போனபிறகு வரும் செலவுக்கு என்று ஒதுக்கிவையுங்கள்.

இப்போது கடிதம். நியமனக் கடிதம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் எழுதுவது நல்லது, பிறகு யாரும் மொழிபெயர்ப்பில் தொங்க முடியாது. தமிழில் எழுதினால் இவ்வளவு போதும்:

திகதி: 2025 ஜூலை 14

பெறுநர்: முகாமைப் பணிப்பாளர், (வைத்தியசாலையின் பெயர்), திருகோணமலை.
ஊடாக: மேட்ரன்

ஐயா / அம்மணி,

தாதிய உத்தியோகத்தர் பதவியிலிருந்து விலகல் – ஊழியர் இலக்கம் …….

2020 ஆகஸ்ட் 10ஆம் திகதி முதல் தங்கள் வைத்தியசாலையில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி வருகிறேன். வெளிநாட்டில் முழுநேரத் தாதியியல் உயர்கல்வியைத் தொடர்வதற்காக அப்பதவியிலிருந்து விலகுகிறேன் என்பதை இத்தால் அறியத்தருகிறேன். எனது நியமனக் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள ஒரு மாத முன்னறிவித்தலாக இக்கடிதத்தைக் கொள்ளவும். எனது இறுதிக் கடமை நாள் 2025 ஆகஸ்ட் 15 ஆகும்.

அன்றுவரை எனது கடமைப் பட்டியலின்படி பணியாற்றி, எனது பொறுப்பிலுள்ள மருந்துகள், உபகரணங்கள், பதிவேடுகள் ஆகியவற்றை மேட்ரன் குறிப்பிடும் உத்தியோகத்தரிடம் எழுத்தில் ஒப்படைப்பேன்.

எனது இறுதிச் சம்பளம், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி எனக்குரிய பணிக்கொடை, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்கு பணியாற்றிய காலத்தில் கிடைத்த பயிற்சிக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி.

இப்படிக்கு,
கையொப்பம், பெயர், தாதியர் பதிவு இலக்கம், தொலைபேசி, மின்னஞ்சல்

இதில் ஒவ்வொரு வசனத்துக்கும் வேலை இருக்கிறது. சேர்ந்த திகதியையும் கடைசி நாளையும் ஒரே பந்தியில் எழுதியிருக்கிறேன், கடிதத்தை வாசிக்கிற எவருக்கும் சேவைக்காலம் ஐந்து வருடத்தைத் தாண்டியது கண்ணில் படவேண்டும் என்பதற்காக. "விலகுகிறேன்" என்றுதான் எழுத வேண்டும். நம் ஊரில் பலர் "விலகுவதற்குத் தயவுகூர்ந்து அனுமதி தரவும்" என்று எழுதுகிறார்கள். தனியார் வேலையில் நீங்கள் கொடுப்பது அறிவித்தல். அனுமதி கேட்டால், "இன்னும் அனுமதி கொடுக்கவில்லை" என்று இழுத்தடிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

அதேபோல "இயன்றளவு விரைவாக விடுவித்து உதவவும்" என்ற வசனத்தையும் விட்டுவிடுங்கள். பழைய கடிதங்களைப் பார்த்து எழுதும்போது அந்த வசனம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் அது ஆபத்து. நீங்களே விரைவாக விடச் சொன்னீர்கள் என்று காட்டி, ஜூலை 25ஆம் திகதியோடு நிற்கலாம் என்று ஒரு கடிதம் தந்தால் ஐந்து வருடம் போய்விடும். கேட்காமலேயே அப்படி ஒரு கடிதம் தந்தாலும் "சம்மதிக்கிறேன்" என்று அதில் கையெழுத்து வைக்காதீர்கள். அன்றே பதில் எழுதுங்கள்: "ஆகஸ்ட் 15 வரை கடமை செய்யத் தயாராக இருக்கிறேன், முன்கூட்டி விலக நான் கோரவில்லை." இந்த இரண்டு வரி கையில் இருந்தால்தான் பிறகு தொழில் திணைக்களத்தில் பேச முடியும். பெரும்பாலான இடங்களில் அவ்வளவு தூரம் போகாது. ஆள் தட்டுப்பாட்டில் இருக்கும் எந்த மேட்ரனும் ஒரு பழகிய தாதியை முன்கூட்டி அனுப்ப விரும்ப மாட்டார்.

நைட் டியூட்டி விஷயத்தை இந்தக் கடிதத்தில் எழுதாதீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். தொடர்ந்து இரவுக் கடமை போட்டு, மறுநாள் விடியவும் நிற்கச் சொன்னால் யாருக்கும் உடம்பு தாங்காது, நோயாளிக்கும் அது பாதுகாப்பில்லை. ஆனால் இராஜினாமாக் கடிதம் உங்கள் கோப்பில் கடைசிவரை கிடக்கும் தாள். நாளைக்கு உங்களைப் பற்றி விசாரித்து மின்னஞ்சல் வந்தால், பதில் எழுதுகிற ஆள் கோப்பைத் திறந்து முதலில் பார்ப்பது அதைத்தான். திருகோணமலையில் தனியார் வைத்தியசாலைகள் சில மட்டும்தான். பகலில் அரச வைத்தியசாலையில் கடமை பார்க்கும் அதே வைத்திய நிபுணர்கள்தான் பின்னேரம் இங்கே நோயாளர் பார்க்க வருகிறார்கள். உங்களுக்குச் சிபாரிசுக் கடிதம் தரப்போவதும் அவர்களில் ஒருவர்தான். ரோஸ்டர் பற்றிய முறைப்பாட்டைத் தனித் தாளில், திகதி திகதியாக எழுதி மேட்ரனுக்குக் கொடுங்கள். சம்பளம் தராத ஓவர்டைம் இருந்தால் அதற்கு ரோஸ்டரின் படமும் சம்பளச் சிட்டையும் ஆதாரம். அவற்றை வேலையில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள், வெளியே வந்த பிறகு ரோஸ்டரைக் கண்ணாலும் காட்ட மாட்டார்கள். நோயாளரின் பெயர், கட்டில் இலக்கம் ஒன்றும் படத்தில் விழக்கூடாது.

கடிதம் எழுதுமுன் இன்னொரு தாளையும் தேடுங்கள். வைத்தியசாலைச் செலவில் டயலிசிஸ், அதிதீவிர சிகிச்சை போன்ற பயிற்சி எடுத்திருந்தால், இத்தனை வருடம் வேலை செய்வேன் என்று பொண்ட் எழுதியிருப்பீர்கள். பலருக்குக் கையெழுத்து வைத்த ஞாபகமே இருக்காது, சேர்ந்த புதிதில் நீட்டிய எல்லாவற்றிலும் வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று இருந்தால் காலம் முடிந்துவிட்டதா, மிச்சக் காலத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மிச்சம் இருந்தால் அதைத் தனியாகப் பேசித் தீர்க்க வேண்டும். பொண்டைச் சொல்லிப் பணிக்கொடையை அப்படியே நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே உடைமைக்குச் சேதம் செய்தல் போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்தான், அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழப்பார் என்று சட்டம் சொல்கிறது. படிக்கப் போவது அதில் இல்லை.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு கையெழுத்தும் இறப்பர் முத்திரையும் வாங்குங்கள். முன்னறிவித்தல் அந்தத் திகதியிலிருந்துதான் தொடங்கும். மேட்ரனின் மேசையில் வைத்துவிட்டு வந்தால் அது அங்கேயே ஒரு கிழமை கிடக்கும், பிறகு நீங்கள் கொடுத்தது ஜூலை 21 என்பார்கள். வாங்க மறுத்தால் சண்டை பிடிக்காமல் நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பி, சிட்டையைப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். அன்றே அதே கடிதத்தைப் படம் பிடித்து மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். ஆனால் இதெல்லாவற்றுக்கும் முன், மேட்ரனை நேரில் கண்டு வாயால் சொல்லிவிடுங்கள். உங்களைப் பழக்கி எடுத்த மனுசிக்கு இந்தச் செய்தி அலுவலகத்திலிருந்து தாளாகப் போய்ச் சேரக்கூடாது.

கடைசிக் கிழமையில் நீங்கள் மிகக் கவனமாக இருக்கவேண்டிய இடம் டி.டி.ஏ. அலுமாரி. மோர்பின், பெத்திடின் ஊசிகள் இருக்கும் அந்த அலுமாரியின் திறப்பு உங்கள் கையில் இருக்கும் விடுதியாக இருந்தால், ஒப்படைக்கும் நாளில் பொறுப்பெடுக்கும் சிஸ்டரை முன்னால் நிற்கவைத்து ஊசிக்குப்பிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எண்ணுங்கள். பதிவேட்டில் கடைசி வரியில் உள்ள மீதியோடு பாருங்கள். பாதி கொடுத்து மீதி வீசியது, தவறி உடைந்தது என்று வந்த வரிகளில் இரண்டாவது சாட்சியின் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். விடுபட்டிருந்தால் சம்பந்தப்பட்டவர் வேலையில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். பிறகு அதே பக்கத்தில் எண்ணிக்கை, நேரம், இருவர் கையெழுத்து. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீங்கள் போய் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு பெத்திடின் குறைகிறது என்று தெரிந்தால், எல்லோரும் முதலில் ஊரில் இல்லாத ஆளின் பெயரைத்தான் சொல்வார்கள். அப்போது பதில் சொல்ல நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கத்தில் இருக்கும் கையெழுத்துதான் உங்களுக்காகப் பேசும். அவசர ட்ரொலி, இன்பியூஷன் பம்ப், பல்ஸ் ஒக்ஸிமீட்டர் போன்றவற்றைப் பொருட்பதிவேட்டின்படி ஒப்படைத்தால் போதும். அடையாள அட்டை, சீருடை, லொக்கர் திறப்பு எல்லாம் கொடுத்ததற்கு ஒரு சின்னத் துண்டாவது வாங்குங்கள்.

சேவைச் சான்றிதழ் பற்றி ஒரு எச்சரிக்கை. கேட்காமல் விட்டால் "இவர் 2020 முதல் 2025 வரை எமது நிறுவனத்தில் பணிபுரிந்தார், நன்னடத்தை உடையவர்" என்று இரண்டு வரியில் தந்துவிடுவார்கள். படித்து முடித்து வேறொரு நாட்டில் தாதியாகப் பதிவு செய்யவோ வேலைக்குப் போடவோ போகும்போது அந்த இரண்டு வரி உதவாது. எந்தப் பிரிவில், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, முழுநேரமா, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன பொறுப்பு என்று கேட்பார்கள். ஆகவே நீங்களே ஒரு வரைவு எழுதி மேட்ரனிடம் கொடுங்கள்: "2020 ஆகஸ்ட் 10 முதல் 2022 டிசம்பர் வரை மருத்துவ விடுதி, 2023 ஜனவரி முதல் 2025 ஆகஸ்ட் 15 வரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவு, முழுநேரம்" என்கிற மாதிரி, உங்களுடைய உண்மையான திகதிகளோடு. கையெழுத்து வைப்பவரின் பெயரும் பதவியும் வைத்தியசாலையின் மின்னஞ்சல் முகவரியும் தெளிவாக இருக்கவேண்டும். அங்கிருந்து ஊர்ஜிதம் கேட்டு எழுதும்போது அந்த முகவரிக்குத்தான் எழுதுவார்கள். மூன்று மூலப் பிரதி வாங்கி வையுங்கள், கப்பல் ஏறிய பிறகு இன்னொன்று எடுப்பது லேசில்லை.

ஊழியர் சேமலாப நிதியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் வைத்தியசாலை 12 வீதமும் போட்ட அந்தப் பணத்தைப் படிக்கப் போகிறேன் என்று சொல்லி முழுதாக எடுக்க முடியாது. மாணவர் விசாவில் போவது நிரந்தரமாகக் குடிபெயர்வதாகாது. அது உங்கள் கணக்கில் வட்டியோடு கிடக்கும். அங்கத்துவ இலக்கத்தையும், ஐந்து வருடமும் மாதா மாதம் பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் மட்டும் போகுமுன் சரிபாருங்கள். இடையில் சில மாதம் கட்டாமல் விட்ட நிறுவனங்கள் உண்டு, அதை ஊரில் இருக்கும்போது கேட்பதுதான் சுகம். வைத்தியசாலை தனியாக 3 வீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியம் வேறு. வேலையை விட்டபின் வயது பார்க்காமல் அதை எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் எடுக்க முடியும். விண்ணப்பத்தில் வைத்தியசாலையின் கையொப்பமும் தேவை, ஆகவே கடைசி நாளன்றே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

30 நாள் கடந்தும் பணிக்கொடை வராவிட்டால், திருகோணமலையிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். பிந்திய காலத்துக்கு மேலதிகத் தொகையும் சேர்த்துக் கட்டவேண்டிவரும் என்பதால், பல இடங்களில் ஒரு நினைவூட்டல் கடிதத்தோடேயே காசோலை வந்துவிடும். நீங்கள் அப்போது வெளிநாட்டில் இருப்பீர்கள். அதனால் பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போடும்படி கணக்கு இலக்கத்தை எழுதிக் கொடுங்கள், முறைப்பாட்டுக்குப் போக அம்மாவுக்கோ அண்ணாவுக்கோ ஒரு அதிகாரக் கடிதமும் எழுதி வையுங்கள்.

இதை வாசிக்கும் அரச தாதியருக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கடிதத்தை நீங்கள் பிரதி பண்ண வேண்டாம். அரச சேவையில் இராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டால்தான் செல்லும். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, பதில் வருமுன் விமானம் ஏறினால் உங்கள் கோப்பில் "பதவியை வெறிதாக்கியவர்" என்று பதிந்துவிடுவார்கள், மீண்டும் அரச சேவைக்குள் வர அது பெரிய தடை. இராஜினாமா ஏற்கப்பட்டாலும் ஓய்வூதிய உரிமை போய்விடும். ஆகவே உங்களுக்கு முதல் கடிதம் இராஜினாமாவாக இருக்கக்கூடாது. கற்கை லீவோ சம்பளமற்ற லீவோ கேட்டு, படிப்புக்கு இடம் கிடைத்த கடிதத்தை இணைத்து, நிறுவனத் தலைவர் ஊடாக நேரகாலத்தோடு விண்ணப்பம் போடுங்கள். அது மறுக்கப்பட்டு, அந்த மறுப்பு எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் இராஜினாமாவைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் ஏற்புக் கடிதம் கையில் வரும்வரை ரோஸ்டரில் போட்ட கடமைக்கு ஒழுங்காகப் போங்கள்.